கிணற்றடியில் ஈரக் கை

வணக்கம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிற என் மருமகன் போன கிழமை என்னோடு வாதாட வந்தான். "மாமா, சுத்தமான தண்ணியில கரண்ட் போகாது. நீங்கள் எல்லாரையும் சும்மா வெருட்டுறியள்" என்றான். ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீருக்குள் இரண்டு கம்பிகளை விட்டுப் பார்த்திருக்கிறார்கள், பல்ப் எரியவில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டதும் எரிந்திருக்கிறது.

அவன் பார்த்தது உண்மைதான். தண்ணீருக்குள் கரண்டைச் சுமந்து போவது அதில் கரைந்திருக்கும் உப்பும் தாதுக்களும்தான். ஆனால் நம் வீட்டில் அந்த மாதிரித் தண்ணீர் எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி எடுத்த கிணறு. கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருக்கும், அது கல்லிலிருந்து கரைந்து வந்ததுதான். கடலோரக் கிணறு என்றால் உப்பும் சேர்ந்துவிடும்.

கணக்காகப் பார்ப்போம். பத்து சென்ரிமீற்றர் நீளமும் ஒரு சதுர சென்ரிமீற்றர் பருமனும் உள்ள ஒரு நீர்த்தாரையை நினைத்துக்கொள்ளுங்கள். மிகச் சுத்தமான நீரில் அதன் தடை கிட்டத்தட்ட 18 கோடி ஓம், அதன் இரு முனையிலும் வீட்டுக் கரண்டின் 230 வோல்ற்றைக் கொடுத்தாலும் போவது ஒரு மில்லி அம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மின்கடத்து அளவு சென்ரிமீற்றருக்கு 1000 மைக்ரோசீமன் காட்டுகிற கிணற்றுத் தண்ணீரில் அதே தாரையின் தடை 10 ஆயிரம் ஓம். அப்போது போவது 23 மில்லி அம்பியர். பத்துப் பன்னிரண்டு மில்லி அம்பியரிலேயே பலருக்குக் கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போய்விடும்.

ஆனால் நான் வாதத்தை அதோடு விடவில்லை, ஏனென்றால் பெரிய ஆபத்து தண்ணீர் கம்பி மாதிரிக் கடத்துவதில் இல்லை, அது நம் தோலுக்குச் செய்வதில்தான் இருக்கிறது. தடை அளக்கும் மீற்றரை எடுத்து அதன் இரண்டு முனைகளையும் அவனை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னேன் (மீற்றருக்குள் இருப்பது சின்னப் பற்றரி, இதில் பயம் இல்லை). காய்ந்த விரலில் பத்து லட்சம் ஓமுக்கு மேல் காட்டியது. பிறகு அவன் நம்பும் அதே காய்ச்சி வடித்த நீரில் விரலை நனைத்துவிட்டுப் பிடித்தான், எண் கடகடவென்று இறங்கியது. வியர்வை உப்பு தோலில் எப்போதும் இருக்கும், தண்ணீர் பட்ட உடனே அதில் கரையும், அப்புறம் அது சுத்தமான தண்ணீர் இல்லை.

மீற்றர் காட்டும் எண்ணை நம்பி யாரும் ஆறுதல் அடையக் கூடாது. 230 வோல்ற் பட்டால் தோலின் தடை இன்னும் உடைந்துபோகும். காய்ந்த தோலுக்கு ஒரு லட்சம் ஓம் என்று வைத்தால் போவது இரண்டு சொச்சம் மில்லி அம்பியர், சுர்ரென்று ஒரு அதிர்ச்சியோடு கையை இழுத்துக்கொள்வோம். ஈரக் கையோடும், நனைந்த சீமெந்தில் வெறுங்காலோடும் நிற்கும்போது கையிலிருந்து கால் வரை மொத்தமே ஆயிரம் ஓம் அளவுக்கு வந்துவிடலாம். அப்போது 230 மில்லி அம்பியர், இதயத்தின் துடிப்பைக் குலைக்கப் போதும்.

இந்த 230 மில்லி அம்பியரை உங்கள் பியூஸ் கண்டுகொள்ளாது. அது அம்பியர் கணக்கில் கரண்ட் கூடினால்தான் எரியும், மனித உயிருக்குப் போதுமான கரண்ட் அதற்குத் தூசி. அந்த வேலையைச் செய்வது ட்ரிப் சுவிட்ச், போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் 30 மில்லி அம்பியர் வித்தியாசப்பட்டால் அது விழுந்துவிட வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு கை லைவ் வயரிலும் மற்றக் கை நியூற்றலிலும் பட்டு, நிலத்துக்கு எதுவும் கசியாவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணற்றடி மோட்டரைப் போட்டதும் ட்ரிப் விழுந்தால், சனம் அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுகிறது, சிலர் கழற்றியே விட்டுவிடுகிறார்கள். மோட்டர்ப் பெட்டிக்குள்ளோ பிளக்குக்குள்ளோ ஈரம் போய் லைவ் கசிகிறது என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். மோட்டர் இரும்பிலோ தண்ணிப் பைப்பிலோ கை வைத்தால் சுர்ரென்றால் அதுவும் அதே கதைதான், எர்த் வயரும் அறுந்திருக்கலாம். அப்படியானால் மோட்டரைத் தொட வேண்டாம், காய்ந்த கையோடும் செருப்போடும் வீட்டுக்குள் போய் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு கரண்ட் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்சில் T என்று எழுதிய பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும். மருமகன் அன்றைக்கே தங்கள் வீட்டில் அமத்திப் பார்த்தான். விழவில்லை.