அப்பாவை இழந்த நண்பனுக்கு என்ன மெசேஜ் போடுவது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் கிடையாது, உட்கார்ந்து பேசத்தான் போகிறேன். பின்னால் குக்கர் விசில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி மகன் துபாயில் ஏசி மெக்கானிக். போன வாரம் விடிகாலையில் போன் பண்ணினான். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் அவனோடு ஒரே ரூமில் இருந்த நண்பனுடைய அப்பா, நத்தம் பக்கம் ஒரு கிராமத்தில், ராத்திரி தூக்கத்திலேயே இறந்துவிட்டார். மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். இவனால் அதற்குள் வந்து சேர முடியாது. "அக்கா, அவனுக்கு ஒரு மெசேஜ் போடணும். டைப் பண்றேன், அழிக்கிறேன், மறுபடியும் டைப் பண்றேன். நீயே பார்த்துச் சொல்லு" என்றான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். ஏனென்றால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளாதவர்கள் நம்மில் யாரும் இல்லை.

அவன் எழுதி வைத்திருந்தது இது: "தங்கள் தந்தையாரின் மறைவுச் செய்தி கேட்டு ஆற்றொணாத் துயரம் அடைந்தேன். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்." கீழே ஐந்தாறு கும்பிடும் கை.

தப்பு ஒன்றும் இல்லை. மேனேஜர் வீட்டுத் துக்கத்துக்கு இதைத்தான் போட வேண்டும். ஆனால் இந்த வாசகம் முச்சந்தி பேனரில் எழுதுவது. அந்தப் பையனை இவன் கூப்பிடுவது "மாப்ள" என்று. மாப்ள என்று கூப்பிடுகிறவன் திடீரென்று "தங்கள் தந்தையார்" என்றால், பக்கத்தில் நிற்க வேண்டியவன் நாலு அடி தள்ளிப் போய் நின்ற மாதிரி இருக்கும். எப்போதும் எந்தத் தமிழில் பேசுவீர்களோ அதே தமிழில் எழுதுங்கள். மாப்ள என்றால் மாப்ள.

அடுத்து, அந்த மெசேஜ் போய்ச் சேரும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாசலில் சாமியானா போட்டுக்கொண்டிருப்பார்கள். ஐஸ் பெட்டிக்கு அட்வான்ஸ், மாலைக்கு ஆள், அத்தை மதுரை தாண்டிவிட்டாளா இல்லையா என்று போன் மேல் போன். பாதி நேரம் போன் அவன் கையிலேயே இருக்காது. மச்சானோ சித்தப்பாவோ வைத்துக்கொண்டு "மூணு மணிக்குங்க, ஆமாங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் முதல் மெசேஜை மற்றவர்களும் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும். அப்பாவுக்கும் அவனுக்கும் இருந்த சண்டை, வீட்டுக் கடன், உங்களிடம் மட்டும் சொன்ன விஷயம், எதுவும் அதில் வரக் கூடாது. வாய்ஸ் நோட்டும் வேண்டாம். அந்த இரைச்சலில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்கள். அழுதுகொண்டே நீங்கள் பேசியது திண்ணை முழுக்கக் கேட்கும்.

நம் பக்கத்துத் துக்க வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. உள்ளே நுழையும்போது "வாங்க" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். கிளம்பும்போது நாமும் "போயிட்டு வர்றோம்" என்று சொல்ல மாட்டோம். கையைப் பிடிப்போம், கொஞ்ச நேரம் உட்காருவோம், பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். அந்த வீட்டுக்காரர் நம்மை உபசரிக்க வேண்டியதே இல்லை. மெசேஜும் அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்லுவேன். "எப்படிடா இருக்க?", "சாப்பிட்டியா?", "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டும். "பதில் போடாத" என்று நீங்களே எழுதிவிடுங்கள். நிஜமாகவே பெரிய பாரம் குறையும்.

கேள்விகளிலேயே மோசமானது "எப்படி ஆச்சு?". காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் அவன் அதைத்தான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறான். ராத்திரி சாப்பிட்டார், படுத்தார், காலையில் எழுப்பினோம், எழுந்திரிக்கவில்லை. அதை ஏன் இன்னொரு தடவை டைப் பண்ண வைக்க வேண்டும்?

சரி, அப்போது என்னதான் எழுதுவது? நான் என் தம்பியிடம் கேட்டேன், அந்த அப்பாவைப் பற்றி உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று. "ரொம்ப நல்ல மனுஷன்க்கா" என்றான். அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அவர் உனக்கு என்ன செய்தார், அதைச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் வந்தது.

அந்த அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாலிடெக்னிக் வாசல் வழியாகத்தான் அவர் பஸ் போகும். சில நாள் காலையில் விசில் அடித்து நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தூக்குவாளியைக் கொடுப்பார். எப்போதும் ரெண்டு பேர் சாப்பிடுகிற அளவு இருக்கும். ஒரு தடவை இவனுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாள், கையில் காசு இல்லை. நண்பன் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் தோளில் தொங்குகிற தோல் பை நிறையச் சில்லறையும் நோட்டும். அதில் கையை வைக்காமல், டிரைவர் பக்கம் போய் 500 ரூபாய் கைமாற்று வாங்கி வந்து இவன் கையில் கொடுத்தாராம். "பையில இருக்கறது கவர்மென்ட் காசுப்பா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இதை எழுது என்றேன். இதை இவனைத் தவிர வேறு யாரும் அந்த வீட்டுக்குச் சொல்ல முடியாது. மகனுக்கே அந்த டிரைவர் விஷயம் தெரியுமோ தெரியாதோ. இறந்தவரைப் பற்றிப் புதிதாக ஒரு விஷயம் இனிமேல் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒன்று வந்து சேருகிறது பாருங்கள், அதற்குத் தனி மதிப்பு. இரண்டு வரி போதும், கதையாக நீட்ட வேண்டாம்.

அவன் மேலும் மூன்று வரி சேர்த்திருந்தான். மூன்றையும் நான் எடுக்கச் சொன்னேன். ஒன்று, "கிடந்து சிரமப்படாம போயிட்டார், நல்ல சாவு". உண்மைதான், ஊரே அதைத்தான் சொல்லும். ஆனால் அந்த ஆறுதலை அவனே சொல்லிக்கொள்ளட்டும். அவன் சொன்னால் "ஆமாடா" என்று சொல்லலாம். நாமாக ஆரம்பித்தால், அழ இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டு, "நீ தைரியமா இருந்தாத்தான் அம்மா தாங்குவாங்க". அப்பா போன அன்றைக்கே குடும்பப் பொறுப்பைத் தூக்கித் தலையில் வைக்க ஊரில் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவன் அழுவதற்கு ஒரு ஆளாவது வேண்டாமா? மூன்றாவது, "எனக்கும் அவர் அப்பாதான்". இதை எடுக்க என் தம்பிக்கு மனசே இல்லை. பாசத்தில் எழுதியதுதான், ஆனால் அந்த 500 ரூபாய் விஷயமே அதைச் சொல்லிவிடுகிறது. இன்றைக்கு அப்பா போனது அவனுக்கு.

உதவி விஷயத்துக்கு வருகிறேன். "எது வேணும்னாலும் தயங்காம கேளு" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கிற வேலையையும் அவனிடமே தள்ளிவிடுகிறோம். துபாயிலிருந்து இவனால் என்ன முடியும்? திண்டுக்கல்லில் இருக்கிற பழைய கிளாஸ்மேட் இரண்டு பேரை எழுப்பி அனுப்ப முடியும். அதை முடித்துவிட்டு, முடிந்த காரியமாக எழுதினான். பணம் அனுப்புவதாக இருந்தாலும் அதே மாதிரிதான், "அனுப்பட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்டா" என்றுதான் வரும்.

கடைசியில் போன மெசேஜ் இது:

"மாப்ள, அப்பா விஷயம் இப்பத்தான் கேள்விப்பட்டேன். உடனே கிளம்பி வர முடியாத இடத்துல இருக்கேன்டா. ஃபீஸ் கட்டக் கடைசி நாள்ல அப்பா பையில கை வைக்காம டிரைவர்கிட்ட ஐநூறு ரூபாய் வாங்கி என் கையில கொடுத்தார். கேட்டதுல இருந்து அதேதான் கண்ணு முன்னாடி நிக்குது. திண்டுக்கல்ல இருந்து நம்ம பசங்க ரெண்டு பேர் பைக்ல வந்துக்கிட்டு இருக்காங்க. தண்ணி கேன், டீ, கடைக்கு ஓடுறது எல்லாம் அவங்ககிட்ட விட்டுடு. இதுக்குப் பதில் போடாத. நாளைக்கு ராத்திரி கூப்பிடுறேன். எடுக்க முடியலன்னா விட்டுடு, மறுநாள் கூப்பிடுறேன்."

அவ்வளவுதான். ஒரு கும்பிடும் கைகூட இல்லை.

நண்பர் வேறு மதம் என்றால் ஒரு விஷயம். முஸ்லிம் வீடுகளில் மரணச் செய்தி கேட்டதும் "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்பார்கள். மறுமைக்காக துஆ செய்வதாகச் சொல்வார்கள். அங்கே பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் முடிந்துவிடும், அதனால் தாமதிக்காதீர்கள். உங்களுக்கு அந்த வாசகம் வாயில் வராது என்றால் இரவல் வாங்க வேண்டாம், உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது மெசேஜ். பதினாறாம் நாள் காரியம் வரை வீட்டில் ஆள் இருக்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். காரியம் முடிந்து பந்தி எடுத்ததும் சொந்தக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் அந்த வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும்தான். அன்றைக்குத்தான் நண்பன் தேவை.

நடுவிலேயே ஒரு வேலையும் இருக்கிறது. வீட்டில் நடந்த இறப்பை வீட்டுக்காரர்கள்தான் போய்ப் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் என்றால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். கிராமம் என்றால் விஏஓவிடம் போக வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் போய்விட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் இழுக்கும். அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன், வாரிசுச் சான்று, பேங்க் கணக்கு எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். பதியும்போதே ஆதாரிலும் பென்ஷன் புத்தகத்திலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; ஒரு எழுத்து மாறினாலும் ஒவ்வொரு ஆபீஸிலும் தனியாக நிற்க வேண்டி வரும்.

இதையெல்லாம் முதல் நாள் சொன்னால் அடிக்கத்தான் வருவான். என் தம்பி ஒரு வாரம் கழித்து எழுதச் சொல்லி வைத்திருக்கிறேன்: "மாப்ள, விஏஓ ஆபீஸுக்கு எப்பப் போகணும்னு மட்டும் சொல்லு. பைக்ல கூட்டிட்டுப் போக ஆள் ரெடி." பதினேழாம் நாள் ராத்திரிக்குப் போனில் அலாரமும் வைத்திருக்கிறான், அன்றைக்குச் சும்மா கூப்பிட்டுப் பேச.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், குக்கர் கூப்பிடுகிறது. அந்த வீட்டில் இந்த வருடம் தீபாவளி, பொங்கல் கொண்டாட மாட்டார்கள். நம் வாட்ஸ்அப்பில் மொத்தமாக வாழ்த்து அனுப்புகிற லிஸ்ட் ஒன்று இருக்கும், அதில் அவன் நம்பரை இப்போதே எடுத்துவிடுங்கள். பட்டாசு வெடிக்கிற படத்தோடு "தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும்" என்று போய் விழ வேண்டாம்.