ஃபோர் ஆஃப் கப்ஸ்: நீட்டிய அன்பை அவர் ஏன் பார்க்கவில்லை?

[காட்சி: மேஜை மேல் ஒரே ஒரு சீட்டு. ஜன்னலுக்கு வெளியே குன்னூர்ப் பனிமூட்டம்.]

வணக்கம். "நான் உண்மையாகத்தான் பழகுகிறேன், அவர் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறார். அவர் மனதில் என்ன இருக்கிறது?" இங்கே குன்னூரில் என்னிடம் டாரட் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு ஃபோர் ஆஃப் கப்ஸ் வந்துவிட்டால் பலருக்கு முகம் வாடிவிடும். "அவருக்கு விருப்பமில்லை, அப்படித்தானே?" என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் இந்தச் சீட்டு அப்படிச் சொல்லவில்லை. என்ன சொல்கிறது என்று படத்தை வைத்தே பார்ப்போம்.

[காட்சி: சீட்டு திரை முழுவதும்.]

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது 1909-இல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டின் படங்கள். ஆர்தர் எட்வர்ட் வேய்ட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். இந்தச் சீட்டில் ஓர் இளைஞன் மரத்தடியில் சம்மணம் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே புல்லில் மூன்று கோப்பைகள். பக்கத்தில் ஒரு மேகம். அதிலிருந்து ஒரு கை நாலாவது கோப்பையை நீட்டுகிறது. அவனோ தலையைக் குனிந்தபடி இருக்கிறான்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவன் அந்தக் கோப்பையைத் தள்ளிவிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவன் கவனம் முழுக்க ஏற்கெனவே இருக்கும் மூன்றின் மேல்தான். கோப்பைச் சீட்டுகள் எல்லாமே மனசு, உறவு சம்பந்தப்பட்டவை. அதனால் அந்த மூன்றையும் அவன் இதுவரை பார்த்த உறவுகளாக நான் எடுத்துக்கொள்கிறேன். முந்தைய சீட்டான த்ரீ ஆஃப் கப்ஸில் மூன்று பெண்கள் கோப்பையை உயர்த்திக் கொண்டாடுகிறார்கள். அடுத்த சீட்டான ஃபைவ் ஆஃப் கப்ஸில் ஒருவர் கறுப்புப் போர்வையோடு, கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளைப் பார்த்து நிற்கிறார். நம் ஆள் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். வேய்ட் இதற்குத் தந்த பொருளும் சலிப்பு, வெறுப்பு, இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துப் படும் மனவருத்தம் என்றுதான் போகிறது.

சரி, அவனைப் பார்த்தாயிற்று. இப்போது அந்தக் கையைப் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இந்தக் கேள்விக்கு முக்கியமானதே இதுதான். கை தெரிகிறது, கோப்பை தெரிகிறது, ஆள் தெரியவில்லை. யார் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள் என்பது மேகத்துக்குள் இருக்கிறது. ஏற்கெனவே சலித்துப்போன ஒருவர் இப்படி ஒரு கையைக் கண்டால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்? அதனால் இந்தச் சீட்டு வந்தால் "அவருக்கு என்ன ஆயிற்று?" என்பதோடு "நான் எப்படி நீட்டினேன்?" என்றும் கேட்டாக வேண்டும்.

[காட்சி: மூன்று சீட்டுகள் வரிசையாக.]

ஒரு ரீடிங்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண். அதே இடத்தில் விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டுப் பதிவது அவர் விரும்பும் மனிதரின் வேலை. அந்த மனிதருக்கு நிச்சயமான திருமணம் முந்தைய வருஷம் நின்றுபோயிருந்தது. அவருடைய அம்மா ஊட்டியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்தப் பெண் அவருடைய சாயங்காலப் பதிவேட்டைத் தானே எழுதி, அவரைச் சீக்கிரம் பஸ் ஏற அனுப்பினார். மருந்தும் வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் செய்தது ஒன்றுதான். மருந்துக் கடை பில்லில் இருந்த தொகையைச் சில்லறை உட்பட ஒரு கவரில் போட்டு மேஜையில் வைத்தார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று சீட்டு எடுத்தோம். அவர் இருக்கும் நிலை, நடுவில் நிற்பது, இவர் நீட்டும் விதம். முதலில் வந்தது ஃபோர் ஆஃப் கப்ஸ். இரண்டாவது சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸ். அதில் ஒரு பணக்காரர் ஒரு கையில் தராசைப் பிடித்தபடி, எதிரே மண்டியிட்டிருக்கும் இருவருக்குக் காசு போடுகிறார். அந்தப் பெண் தராசைப் பார்த்ததும், "அந்தக் கவர்!" என்றார். ஆமாம். இவர் பிரியத்தோடு செய்ததை அவர் உதவியாக, இன்னும் சொன்னால் பரிதாபமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். திருமணம் நின்றதற்காக ஊரே பரிதாபப்பட்ட ஒருவருக்கு அதில் இன்னொரு கோப்பை வேண்டியிருக்காது.

மூன்றாவது பேஜ் ஆஃப் கப்ஸ். கடலோரம் ஓர் இளைஞன் கோப்பையோடு நிற்கிறான், உள்ளேயிருந்து ஒரு மீன் எட்டிப் பார்க்கிறது. அவன் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருக்கிறான், கோப்பையை யாரிடமும் கொடுக்கவில்லை. நான் கேட்டேன்: "உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அவரிடம் சொன்னீர்களா?" "அதெல்லாம் புரிஞ்சிருக்கும்க்கா" என்றார். அதாவது, சொல்லவில்லை.

மூன்றையும் சேர்த்துப் படித்தால், அவர் மறுத்தார் என்று சொல்ல ஆதாரமே இல்லை. மறுப்பதற்கு அவர் முன்னால் ஒன்றும் வைக்கப்படவில்லை. நான் சொன்ன யோசனை இதுதான்: கையில் டிபன் பாக்ஸ், மருந்து எதுவும் இல்லாமல் ஒரு தடவை நேராகச் சொல்லுங்கள். "பரிதாபத்தில் செய்யவில்லை, உங்களைப் பிடித்ததால் செய்தேன்" என்று சொன்னால் போதும். அப்புறம் விட்டுவிடுங்கள். பதிவேடு எழுதித் தருவதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடன் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அந்தப் பெண் அப்படியே சொன்னார். அந்த மனிதர் யோசிக்க நேரம் கேட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

[காட்சி: நடுச் சீட்டு மட்டும் மாறுகிறது.]

நடுவில் வேறு சீட்டு வந்திருந்தால் நானும் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன். டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸில் ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாள்களை மார்பின் குறுக்கே பிடித்திருக்கிறாள். அது வந்தால், அவருக்கு விஷயம் தெரியும், பார்க்க வேண்டாம் என்று இருக்கிறார் என்று படிப்பேன். எய்ட் ஆஃப் கப்ஸில் ஒருவர் எட்டுக் கோப்பைகளையும் விட்டுவிட்டு மலையை நோக்கி நடந்து போகிறார். அந்தச் சீட்டு வந்தால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

ஓர் எல்லையும் இருக்கிறது. எதிரே இல்லாத ஒருவரின் மனதைச் சீட்டு படித்துச் சொல்லாது. கேட்க வந்தவர் தான் பார்த்ததை வேறு பக்கத்திலிருந்து பார்க்க அது உதவும், அவ்வளவே. அந்த மனிதர் "வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஃபோர் ஆஃப் கப்ஸ் வந்ததென்று "அவர் இன்னும் பார்க்கவில்லை" என நம்பிக்கை வைக்காதீர்கள். அவர் பார்த்துவிட்டார், பதிலும் சொல்லிவிட்டார். அதே கேள்விக்கு மறுபடி மறுபடி சீட்டு எடுக்க வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கடைசியாக, சீட்டு தலைகீழாக வந்தால் என்ன? வேய்ட் அதற்குப் புதுமை, புதிய உறவுகள் என்று பொருள் தருகிறார். இந்தக் கேள்விக்கு அதை, அவர் தலை நிமிரத் தொடங்கியிருக்கிறார் என்று படிக்கலாம். அப்போது நான் ஒன்றுதான் கேட்பேன்: இந்த ஒரு மாதத்தில் அவராக ஏதாவது பேச ஆரம்பித்தாரா? "ஆமாம், அவராகவே வந்து டீ குடிக்கக் கூப்பிட்டார்" என்றால் சீட்டும் நடப்பும் பொருந்துகிறது. "இல்லை" என்றால் நடப்பைத்தான் நம்பச் சொல்வேன்.