மாதம் இரண்டு தடவை: இரண்டும் மாதவிடாய்தானா?

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

"டாக்டர், எனக்கு மாசம் ரெண்டு தடவை வந்துடுது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம், மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள்? இந்தக் கேள்வியிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவதும் நின்றுவிடும்.

நம் வீடுகளில் தலைக்கு ஊற்றிய நாளை வைத்து எண்ணுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஜூலை 1 அன்று ரத்தம் வந்தது, 5ஆம் தேதி தலைக்கு ஊற்றியாகிவிட்டது, 25ஆம் தேதி மறுபடி வந்தது என்று வையுங்கள். குளித்த நாளிலிருந்து எண்ணினால் 20 நாள்தான் ஆகிறது, பயம் வந்துவிடுகிறது. உண்மையில் ஜூலை 1 முதல் 25 வரை 24 நாள். அது ஒழுங்கான சுழற்சி. எண்ண வேண்டியது ஒரு தடவை ரத்தம் தொடங்கிய நாளிலிருந்து அடுத்த தடவை தொடங்கிய நாள் வரை. நின்ற நாளோ குளித்த நாளோ இந்தக் கணக்கில் வராது. தொடங்கிய நாள் என்றால் நாப்கின் வைக்கும் அளவுக்குச் சிவப்பாக வந்த நாள். முந்தின நாள் மாலை லேசாகப் பழுப்பாகக் கறை பட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் காலண்டர் செய்வது. மே 2, மே 30 என்று ஒரே தாளில் இரண்டு வட்டம் இருக்கும். இடைவெளி 28 நாள்! மாதத்துக்கு 31 நாள் என்பது கர்ப்பப்பைக்குத் தெரியாது.

இப்படிச் சரியாக எண்ணிய பிறகும் 21 நாளுக்குள் வருகிறது என்றால்தான் அது நாம் பேச வேண்டிய விஷயம். அதிலும் எப்போதோ ஒரு தடவை, ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ தூக்கம் கெட்ட மாதத்திலோ முன்கூட்டி வந்தால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கலாம். அடுத்தடுத்து மூன்று தடவை அப்படி வந்தால் காரணம் தேட வேண்டும்.

தேடும்போது முதலில் தெரிய வேண்டியது, வந்த இரண்டும் ஒரே வகைதானா என்பது. இரண்டுமே முழு மாதவிடாயா, அல்லது ஒன்று மாதவிடாய், மற்றது நடுவில் வந்த வேறொரு ரத்தமா? இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைச் சொல்லிவிடுவது மூன்று மாதக் காலண்டர்தான்.

43 வயதுப் பெண் ஒருவரின் காலண்டர் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 4, ஜனவரி 23, பிப்ரவரி 11, மார்ச் 3. இடைவெளி 19, 19, 20. ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் வருகிறது. வருவதற்கு முன் மார்பு கனக்கிறது, முதல் நாள் வயிறு இழுக்கிறது, இரண்டாம் நாள் அதிகம். எல்லாத் தடவையும் ஒரே முகம். இது உண்மையிலேயே சுழற்சி சுருங்கியதுதான்.

ஏன் சுருங்குகிறது? சுழற்சிக்கு இரண்டு பாதி. முதல் பாதியில் முட்டை வளர்கிறது. அது வெளிவந்த பிறகு அடுத்த ரத்தம் வரும் வரை இரண்டாம் பாதி. இரண்டாம் பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாளுக்குள் நின்றுவிடும், அதிகம் மாறாது. நீள்வதும் குறுகுவதும் முதல் பாதிதான். நாற்பதைத் தாண்டும்போது சினைப்பையில் முட்டைகள் குறைகின்றன. அதற்கு ஈடுகொடுக்க மூளையடிச் சுரப்பி, முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூடுதலாக, அதுவும் சீக்கிரமாகவே அனுப்புகிறது. முந்தின சுழற்சி முடியும் முன்பே அடுத்த முட்டை வளரத் தொடங்கிவிடுகிறது. 14ஆம் நாள் வர வேண்டிய முட்டை 7ஆம் நாளே வந்துவிட்டால், மொத்தச் சுழற்சி 19, 20 நாளில் முடிகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு முதலில் சுழற்சி குறுகும், பிறகுதான் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போகும். "தள்ளிப்போனால்தானே நிற்கப் போகிறது என்று அர்த்தம், எனக்கு முன்கூட்டி அல்லவா வருகிறது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. முட்டை 7ஆம் நாள் வந்தால், ரத்தம் வரும் நாட்களே கரு தங்கக்கூடிய நாட்கள். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும். "பாதுகாப்பான நாள்" என்று 28 நாள் சுழற்சிக்குப் போட்ட கணக்கை இவர்கள் நம்பினால் 43 வயதில் கர்ப்பமாகலாம்.

இன்னொன்று ரத்தசோகை. ஒவ்வொரு தடவையும் சாதாரண அளவுதானே போகிறது என்று தோன்றும். 28 நாளுக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு 13 தடவை. 19 நாளுக்கு ஒரு முறை என்றால் 19 தடவை. ஐந்து நாள் வீதம் 65 நாளுக்குப் பதிலாக 95 நாள் ரத்தம் போகிறது. ஒரு தடவைக்கு 35 மில்லி என்றே வைத்தாலும் 455 மில்லி போகிற இடத்தில் 665 மில்லி. சோறும் சாம்பாரும் கொடுக்கும் இரும்புச்சத்து இதற்கு ஈடுகட்டாது. ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். சேமிப்பு முதலில் தீரும், ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்குவது அதற்குப் பிறகுதான்.

இப்போது 29 வயதுப் பெண்ணின் காலண்டர். ஜனவரி 6 அன்று தொடங்கி 5 நாள். ஜனவரி 20 அன்று ஒன்றரை நாள் பழுப்பாக, உள்ளாடையில் கறை படும் அளவு. பிப்ரவரி 4 அன்று தொடங்கி 5 நாள். பிப்ரவரி 18 அன்று மறுபடி கறை. மார்ச் 5 அன்று தொடங்கி 5 நாள். எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணினால் 14, 15 நாளுக்கு ஒரு தடவை வருகிறது. பெரிய ரத்தத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள்: 29, 29. சுழற்சி அப்படியே இருக்கிறது. நடுவில் வருவது சரியாக 15ஆம் நாள். முட்டை வெளிவரும்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் சிலருக்குக் கர்ப்பப்பையின் உள்வரிப் படலத்திலிருந்து கொஞ்சம் கசிகிறது. ஒரு பக்கம் அடிவயிற்றில் சுருக்கென்ற வலியும், முட்டை வெள்ளைக்கரு போன்ற வழவழப்பான கசிவும் கூட இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். இதற்கு மருந்து வேண்டாம்.

மூன்றாவது காலண்டரில்தான் நான் கவலைப்படுவேன். 38 வயது. மார்ச் 2 அன்று மாதவிடாய். 13ஆம் தேதி சில சொட்டு. 19ஆம் தேதி தாம்பத்திய உறவுக்குப் பிறகு சிவப்பாக. மார்ச் 29 அன்று மாதவிடாய். மாதவிடாய் 27 நாளில் ஒழுங்காகத்தான் வருகிறது. நடுவில் வருவதற்கு மட்டும் நாள் கணக்கே இல்லை. தொட்டால் வருகிறது. இது ஹார்மோன் பேச்சல்ல, எங்கோ ஒரு இடத்திலிருந்து வருகிற ரத்தம். கர்ப்பப்பை வாயில் தொற்றோ சதை வளர்ச்சியோ இருக்கலாம். உள்ளே பாலிப் என்கிற சதை முளையோ ஃபைப்ராய்டு என்கிற தசைக் கட்டியோ இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு இது: வயிற்றில் ஸ்கேன் எடுத்து "நார்மல்" என்று வந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் இருக்கும் சிறிய புண் வயிற்று ஸ்கேனில் தெரியாது. பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. ஆனால் தொட்டால் ரத்தம் வருகிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். சந்தேகமான இடம் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

இந்த மூன்றிலும் சேராதவை நாமே வரவழைத்துக்கொள்பவை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தள்ளிப்போட நார்எத்திஸ்டீரோன் 5 மில்லிகிராம் மாத்திரையை, எதிர்பார்க்கும் நாளுக்கு 3 நாள் முன்பிருந்து தினம் மூன்று வேளை போடுகிறோம். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும். நடுவில் ஒரு வேளை மறந்தால் மாத்திரை போடும்போதே கசியும், நிறுத்தியதும் இன்னொரு தடவை வரும். ஆக "ரெண்டு தடவை". அவசரக் கருத்தடை மாத்திரை, அதாவது லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், போட்ட ஒரு வாரத்துக்குள் ரத்தம் வரலாம். அது மாதவிடாய் அல்ல, கரு தங்கவில்லை என்பதற்குச் சான்றும் அல்ல. போட்டு மூன்று வாரமாகியும் மாதவிடாய் வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களிலும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா கருத்தடை ஊசியிலும் இடையில் கறை படுவது வழக்கம்தான். மருத்துவரிடம் போகும்போது இந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். பலர் அதை மருந்தாகவே நினைப்பதில்லை, கேட்டாலும் சொல்வதில்லை.

"உடம்பு சூடு, அதனால்தான்" என்று வெந்தயமும் இளநீரும் குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் சூடு சுழற்சியைக் குறைக்காது. அதை நம்பி ஆறு மாதம் போக்கிவிடுவதில்தான் கெடுதல்.

வயதுக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகாத பெண் பிள்ளைகளுக்குச் சுழற்சி தாறுமாறாக இருக்கும். முட்டை வெளிவராமலே படலம் வளர்ந்து உதிர்வதால் கணக்கு பிடிபடாது. காத்திருக்கலாம், ரத்தப்போக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீண்டு போகாத வரை.

பரிசோதனைகளுக்கும் நாள் உண்டு. உள்ளே பாலிப் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் நின்ற உடனே, 5 முதல் 10ஆம் நாளுக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்போது படலம் மெலிந்திருக்கும். பிந்தினால் தடித்த படலத்துக்குள் பாலிப் ஒளிந்துகொள்ளும். முட்டை வெளிவருகிறதா என்று தெரிய, அது வெளிவந்த பிறகு கூடும் புரோஜெஸ்டீரோன் ஹார்மோனைப் பார்க்கச் சொல்லி 21ஆம் நாள் வரச் சொல்வார்கள். 19 நாள் சுழற்சிக்காரருக்கு 21ஆம் நாள் என்பது அடுத்த சுழற்சியின் 2ஆம் நாள்! அளவு அடிமட்டத்தில் வரும், "முட்டையே வரவில்லை" என்று தவறாக எழுதிவிடுவார்கள். அடுத்த ரத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு, அதாவது இவருக்கு 12ஆம் நாள் எடுக்க வேண்டும். தைராய்டுக்கான டிஎஸ்எச் எந்த நாளும் எடுக்கலாம். 45 வயதுக்கு மேல் இப்படித் தொடர்ந்தால், ஸ்கேன் எப்படி இருந்தாலும் உள்வரிப் படலத்தில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். மறுக்காதீர்கள்.

கருத்தரிக்கும் வயதில் இருப்பவர் எவரானாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை. கருக்குழாயில் தங்கிய கரு பழுப்பாகக் கசியும், அதை இரண்டாவது மாதவிடாய் என்று நினைத்துவிடுவார்கள். சோதனையில் இரண்டு கோடு, கூடவே ஒரு பக்க வயிற்று வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் என்றால் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலும் அப்படியே. காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.