கேள்வி உங்கள் மேசைக்கு வருமா, வராதா?

எல்லாரும் உட்கார்ந்தாச்சா? பின்வரிசையில் நிற்பவர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது. இந்தக் குவிஸ் போட்டியின் விதிகளை இப்போதே சொல்லிவிடுகிறேன். போட்டி நடுவில் "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று யாராவது எழுந்தால் அந்தப் பழி என் தலையில்தான் விழும், அந்த அனுபவம் எனக்கு ஏற்கெனவே நிறைய உண்டு.

முதலில் எழுத்துச் சுற்று. 25 கேள்விகள், ஒரு அணிக்கு ஒரு தாள், சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை. அதனால் எதையும் வெற்றாக விடாதீர்கள், தோன்றியதை எழுதுங்கள். ஐந்து கேள்விகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கும். அவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது, ஆனால் ஆறாவது இடத்துக்கு இரண்டு அணிகள் சமமாக வந்து நின்றால் நட்சத்திரக் கேள்விகளில் யார் அதிகம் சரி என்று பார்ப்போம். அதுவும் சமம் என்றால் ஒன்றாம் கேள்வியிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவோம், எந்த அணி முதலில் தவறுகிறதோ அது வெளியே. கொஞ்சம் கொடூரமான முறைதான், ஆனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் ஆறு அணிகள் மேடைக்கு வரும். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது மேடைச் சுற்றைப் பற்றித்தான், ஏனென்றால் சண்டை எல்லாம் அங்கேதான் வரும்.

பழைய முறை உங்களுக்குத் தெரியும். முதல் கேள்வி முதல் அணிக்கு, இரண்டாவது இரண்டாம் அணிக்கு, தெரியாவிட்டால் பாஸ். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் அணி சுமாரான அணி என்று வையுங்கள். அவர்கள் விடும் கேள்வி ஒவ்வொன்றும் முதலில் நான்காம் அணியின் மடியில் போய் விழும், இரண்டாம் அணிக்கோ அது சுற்றி வருவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். நாற்காலியைத் தேர்ந்தெடுத்ததற்கே மதிப்பெண் கிடைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் நாம் வேறு மாதிரி செய்கிறோம். ஒரு கேள்விக்கு எந்த அணி விடை சொல்கிறதோ, அதற்கு அடுத்த அணியிடமிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். யாருமே சொல்லவில்லை என்றால், அது தொடங்கிய அணியிடமே அடுத்த கேள்வியும் தொடங்கும், அதாவது அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. மொத்தம் 24 கேள்விகள், பாதி முடிந்ததும் திசை மாறும். சரியான விடைக்கு 10, இப்படிச் சுற்றி வரும்போது தவறாகச் சொன்னால் கழிவு இல்லை.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. விடை உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனால் கேள்வி உங்களிடம் வரும் முன்பே வேறொருவர் சொல்லிவிடுகிறார். அதற்காகத்தான் ஆங்கிலத்தில் பௌன்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சுற்றி வருவதற்கும் பௌன்ஸ், இதற்கும் பௌன்ஸ், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், குழப்பம் வேண்டாம். சுற்றி வருவது பாஸ், இது பாய்ச்சல், அப்படியே வைத்துக்கொள்வோம்.

பாய்ச்சல் என்றால் இதுதான்: கேள்வியைப் படித்து முடித்ததும் 20 விநாடி தருவார்கள். அதற்குள் சீட்டில் விடையை எழுதிக் கொடுத்துவிடலாம். சரியென்றால் 10, தவறென்றால் 5 கழியும். பாய்ந்த அணிக்கு அந்தக் கேள்வியில் பாஸ் கிடையாது. கேள்வி தொடங்கும் அணியும் பாயக்கூடாது, அவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு இருக்கிறதே.

ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்போம். "1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹைட்டியும் லிச்டென்ஸ்டைனும் ஒரு விஷயத்தைக் கவனித்தன, அதன் விளைவாக அடுத்த ஆண்டு லிச்டென்ஸ்டைன் ஒரு கிரீடத்தைச் சேர்த்தது. எதில்?" நான்காம் அணியிடம் தொடங்குகிறது. வரிசை நான்கு, ஐந்து, ஆறு, ஒன்று, இரண்டு, கடைசியாக மூன்று. முதல் அணியும் மூன்றாம் அணியும் பாய்கின்றன. நான்காம் அணி "நாணயம்" என்கிறது, தவறு, கழிவு இல்லை. ஐந்தாம் அணி "கொடி, இரண்டு நாட்டுக் கொடியும் ஒன்றாக இருந்தது" என்கிறது, சரி, 10. இப்போதுதான் சீட்டுகளைப் பிரிப்போம். மூன்றாம் அணி கொடி என்று எழுதியிருக்கிறது, அவர்களுக்கும் 10. முதல் அணி முத்திரை என்று எழுதியிருக்கிறது, 5 போச்சு. அடுத்த கேள்வி ஆறாம் அணியிடம் தொடங்கும். சீட்டு சரியா தவறா என்பதை நடுவில் சொல்ல மாட்டோம், முகத்திலும் காட்ட மாட்டோம். காட்டினால் அதுவே மற்றவர்களுக்குத் துப்பு.

எப்போது பாய வேண்டும்? மேடையில் பெரும்பாலும் தப்புக்கணக்குப் போடும் இடம் இது. "உறுதியாகத் தெரிந்தால் மட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உங்களுக்குப் பாதி நம்பிக்கை என்று வையுங்கள். அப்படிப் பத்துக் கேள்விக்குப் பாய்ந்தால் ஐந்து சரி, 50, ஐந்து தவறு, 25 கழிவு, மிச்சம் 25. பாயாமல் காத்திருந்தால், அந்தப் பத்தில் ஐந்து கேள்வி உங்கள் மேசைவரை வந்தாலும் அதில் பாதிதான் சரியாகும், அதுவும் 25தான். ஆக, கேள்வி உங்களிடம் வர பாதிக்குமேல் வாய்ப்பு இருந்தால் காத்திருங்கள், இல்லையென்றால் பாயுங்கள். மேலே சொன்ன கேள்வியில் ஐந்தாம் அணிக்கு முன்னால் ஒரே ஓர் அணி, காத்திருந்தது சரி. மூன்றாம் அணிக்கு முன்னால் ஐந்து பேர், பாய்ந்தது சரி. சந்தேகம் இரண்டு அணிக்கும் ஒரே அளவில் இருந்திருக்கலாம், உட்கார்ந்த இடம்தான் வேறு.

அப்புறம் குவிஸ் மாஸ்டர். கேள்விகள் எல்லாம் அவர் எழுதியவை, எனக்குக்கூடக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. எவ்வளவு சொன்னால் விடையாகும் என்பதை முடிவு செய்வது அவர்தான். குடும்பப் பெயர் போதும், ஆனால் அதில் ஒருவருக்குமேல் இருந்தால் "எந்த" என்று கேட்பார். 1911இல் வேதியியல் நோபல் பெற்றவர் யார் என்றதற்குக் கியூரி என்றால் விட்டுவிடலாம், பியர் கியூரி 1906லேயே இறந்துவிட்டார். "1903இல் இயற்பியல் நோபல் பெற்றவர்களில் இவர் ஒருவர்" என்று படம் காட்டும்போது கியூரி என்றால் விட மாட்டார், அந்தப் பரிசில் கணவன் மனைவி இருவருக்குமே பங்கு கிடைத்தது. இரண்டு விடையை அடுக்கினால் முதலில் சொன்னதுதான் கணக்கு. ஆட்சேபம் இருந்தால் அடுத்த கேள்வி தொடங்கும் முன் சொல்லுங்கள். உலகின் நீளமான ஆறு நைலா அமேசானா என்று நான் ஒருமுறை போட்டி முடிந்தபின் போய் நின்றேன். அளப்பவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாத கேள்வி அது, அதைக் கேட்டிருக்கவே கூடாது. நியாயம் என் பக்கம்தான், ஆனால் ஜெயித்தவர்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள்.

பார்வையாளர்களுக்கு ஒன்றே ஒன்று. மேடையில் ஆறு அணியும் விட்ட கேள்வி உங்களிடம் வரும், அதுவரை உதட்டைக்கூட அசைக்காதீர்கள். யாராவது முணுமுணுத்து அது மேடைக்குக் கேட்டால் அந்தக் கேள்வியையே ரத்து செய்து, மாற்றுக் கேள்வியை எடுப்போம். கையில் இருப்பது மூன்றே மூன்று மாற்றுக் கேள்விகள்.

போன் பைக்குள் போகட்டும். தாளின் மேலே அணியின் பெயரை எழுதுங்கள், போன தடவை பெயரே இல்லாமல் இரண்டு தாள் வந்தது, அதில் ஒன்று 19 மதிப்பெண். எழுதியாச்சா? மைக்கைக் குவிஸ் மாஸ்டரிடம் கொடுக்கிறேன்.