அப்படியே அனுப்பும்படி ஒரு மடல்

வணக்கம் நேயர்களே.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மூன்று வருடமாகக் கணக்கு பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலை காலியாக இருக்கிறது. ஆள் எடுப்பவர் அங்குள்ள நிதிப் பிரிவு மேலாளர். அவரை இவளுக்குத் தெரியாது. ஆனால் முன்பு குன்னூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இவளோடு எட்டு மாதம் வேலை பார்த்த ஒரு அண்ணன் இப்போது அதே கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார்.

நம் ஊரில் இந்த இடத்தில் வழக்கமாகப் போகும் செய்தி இதுதான்: "அண்ணா, உங்க கம்பெனில வேலை இருக்காமே. மேனேஜர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன். ரெஸ்யூம் அனுப்பியிருக்கேன்."

அந்த அண்ணனுக்கு உதவும் மனசு இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்கு என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். ரெஸ்யூமைத் திறந்து படித்து, இவளைப் பற்றி நாலு வரி தானே யோசித்து எழுத வேண்டும். சாயங்காலம் எழுதலாம் என்று ஒதுக்கி வைப்பார், மறுநாள் அது நூறு செய்திக்கு அடியில் போய்விடும். பத்து நாள் கழித்து இவள், "அண்ணன் மாறிட்டாரு" என்று வருத்தப்படுவாள். அவர் மாறவில்லை. எழுதும் வேலை அவர் தலையில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே அந்த நாலு வரியை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு இரண்டு தனித்தனிச் செய்திகள் தேவை. முதலாவது அண்ணனுக்கு மட்டும், வாட்ஸ்அப்பில் போதும். "அண்ணா, நல்லா இருக்கீங்களா? உங்க கம்பெனி அக்கவுண்ட்ஸ் வேலைக்கு முயற்சி பண்றேன். நிதி மேலாளருக்கு நீங்க அப்படியே அனுப்புற மாதிரி ஒரு மெயில் எழுதித் தரட்டுமா? சங்கடமா இருந்தா தயங்காம சொல்லுங்க, நான் நேரா விண்ணப்பம் போட்டுக்கிறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவருக்கும் அந்த மேலாளருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லாமல் இருக்கலாம். மறுக்க வழி இல்லாதவர் மறுக்க மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார்.

அவர் சரி என்ற பிறகுதான் இரண்டாவது. இது மின்னஞ்சலாக, புதிதாகத் தொடங்கியதாக இருக்க வேண்டும். பழைய மடலுக்குப் பதிலாக எழுதினால், அவர் அனுப்பும்போது கீழே கிடக்கும் பழைய பேச்செல்லாம் சேர்ந்து மேலாளர் கண்ணில் படும். மடல் அண்ணன் பெயருக்குப் போகிறது. ஆனால் மேலாளர் படிக்கப் போகிறார் என்று நினைத்து எழுத வேண்டும். அதனால் இதில் அண்ணா கிடையாது, சார்தான். ஆங்கிலத்தில் எழுதினாலும் அமைப்பு இதுவே. தமிழில் வாசிக்கிறேன்.

தலைப்பு வரி: "அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணி, 3 ஆண்டு அனுபவம், அறிமுகம் வேண்டி." இனி மடல்.

"வணக்கம் சார். உங்கள் நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணி குறித்து நிதிப் பிரிவு மேலாளரிடம் பேச விரும்புகிறேன். என்னை அவருக்கு அறிமுகப்படுத்த இயலுமா? ஆடிட்டர் அலுவலகத்தில் நாம் எட்டு மாதம் சேர்ந்து வேலை செய்தோம். அதன்பின் மூன்று ஆண்டுகளாகக் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். சுமார் 400 விவசாயிகளின் பச்சை இலைக் கணக்கை மாதந்தோறும் டேலியில் முடித்து வங்கி வழியாகப் பணம் அனுப்புவதும், ஜிஎஸ்டி ரிட்டன்களைத் தாக்கல் செய்வதும் என் பொறுப்பு. அறிவிப்பில் கேட்டிருக்கும் கொள்முதல் பில் சரிபார்ப்பை இங்கே தினமும் செய்கிறேன். ஒரு மாத முன்னறிவிப்பில் சேர முடியும். இப்போது வேலையில் இருப்பதால், என்னிடம் பேசிய பிறகே இங்கு விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ரெஸ்யூம் இணைத்துள்ளேன். மாலை ஆறு மணிக்கு மேல் அழைக்கலாம்." கீழே பெயர், கைபேசி எண்.

ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். இதற்கு மேல் நீண்டால் மேலாளர் கைபேசியில் இரண்டு முறை தள்ளிப் படிக்க வேண்டிவரும்.

எட்டு மாதம் சேர்ந்து வேலை செய்தோம் என்ற வரியைப் பாருங்கள். அண்ணன் கண்ணால் கண்டது அவ்வளவுதான். அதற்கு மட்டும் அவர் சாட்சி. "என் திறமை உங்களுக்கே தெரியும்" என்று எழுதினால், தெரியாத ஒன்றுக்கு அவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். நாளை வேலையில் ஒரு கோளாறு வந்தால் கெடுவது அவர் பெயர் என்பதால், கை தயங்கும். அவராக மேலே ஒரு வரி சேர்த்து "நல்ல பெண், கணக்கில் சுத்தம்" என்று எழுதினால் அது அவர் விருப்பம். நாம் கேட்கக் கூடாது.

400 விவசாயிகள் என்ற எண்ணும் அப்படித்தான். "கடின உழைப்பாளி" என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். மாதம் 400 பேருக்குப் பைசா பிசகாமல் பட்டுவாடா என்றால், எத்தனை பில் கையாண்ட ஆள் என்பது தேயிலை தெரியாத மேலாளருக்கும் புரியும். அவரவர் வேலையில் இப்படி ஒரு எண்ணைத் தேடிப் பிடியுங்கள். உண்மையான எண்ணாக இருக்கட்டும், நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வரும்.

இங்கு விசாரிக்க வேண்டாம் என்ற வரி நம் மலைக்கு மிகவும் அவசியம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒருவரை ஒருவர் தெரியாத தொழிற்சாலைக்காரர் யார்? அண்ணனிடம் மட்டும் சொன்னால், மடல் கைமாறும்போது அந்தச் செய்தி கூடவே போகாது. மடலுக்குள்ளேயே இருக்க வேண்டும். சம்பளம், இப்போதைய முதலாளி மீதுள்ள மனக்குறை இரண்டும் மடலில் கூடவே கூடாது.

ரெஸ்யூமைக் கோப்பாகவே இணையுங்கள், பிடிஎஃப் வடிவில், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பணியின் பெயரும் இருக்கும்படி. கூகுள் டிரைவ் இணைப்பாக அனுப்பினால், அனுமதியை நீங்கள் மாற்றியிராவிட்டால் மேலாளருக்குத் திறக்காது. "அனுமதி கேள்" என்று ஒரு பக்கம் வரும். அண்ணனோடு நிறுத்திப் பகிர்ந்திருந்தால் அவருக்குத் திறந்துவிடும், அதனால் தவறு அவருக்கே தெரியாமல் போகும். மடலை முதலில் வேறொரு முகவரிக்கு நீங்களே அனுப்பிப் பார்த்து, அங்கிருந்து ஒரு முறை ஃபார்வர்ட் செய்து திறந்து பாருங்கள். மேலாளருக்கு எது போகும் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அனுப்பி ஒரு வாரம் ஆகியும் சத்தமில்லை என்றால் ஒரே ஒரு முறை, "அண்ணா, மெயில் கிடைச்சுதா?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு நேரே விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் குறித்திருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மேலாளர் பதில் போட்டால் அன்றைக்கே நீங்கள் எழுத வேண்டும். முதல் வரியில் அண்ணனுக்கு நன்றி சொல்லி, அவர் முகவரியை பிசிசி-க்கு மாற்றிவிடுங்கள். அறிமுகம் நடந்ததை அவர் பார்த்துக்கொள்வார், பிறகு வரும் தேதி பேச்செல்லாம் அவர் பெட்டியில் விழாது. நேர்காணலுக்கு வர முடிந்த நாட்களையும் அதே மடலில் சொல்லுங்கள். மாதம் தோறும் ஜிஎஸ்டி ரிட்டன் தாக்கல் செய்பவருக்கு, அதன் கடைசி நாட்களான 11, 20 தேதிகளை ஒட்டி விடுப்பு கிடைக்காது. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போய்த் திரும்ப அன்றைய பொழுது சரியாகப் போகும். "5 முதல் 8-க்குள், அல்லது 22-க்கு மேல் எந்த நாளும்" என்று எழுதினால் அது ஒரே மடலில் முடிந்துவிடும்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முடிவு தெரிந்த அன்றே அண்ணனுக்கு ஒரு வரி போடுங்கள். அலுவலகத்தில் அந்த மேலாளரை எதிரே பார்க்கும்போது, என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர் நிற்கக் கூடாது.

நன்றி, வணக்கம்.