வலீமா யார் வீட்டுச் செலவு?

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஷவ்வால் பிறை தெரிந்ததும் நம் வீடுகளுக்கு நிக்காஹ் அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் இப்போது அடிக்கடி காணும் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "நிக்காஹ் காலை 11 மணி. வலீமா விருந்து பகல் 12.30. இடம்: அதே மண்டபம்." கீழே அழைப்பவர் பெயர் இருக்கும். பெண்ணின் தகப்பனார் பெயர். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தவரும், பண்டாரியிடம் எத்தனை தேக்சா என்று பேசியவரும் அவர்தான். வலீமாவோ மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய விருந்து. அப்படியானால் அந்த அட்டையில் இருக்கும் வலீமா என்ற சொல் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் நிக்காஹ் என்ற ஒப்பந்தத்தைப் பார்த்துவிடுவோம். அது ரொம்பச் சின்னது. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு ஐந்து தூண்கள்: மணமகன், மணமகள், பெண்ணின் பொறுப்பாளரான வலீ, இரண்டு சாட்சிகள், ஈஜாப் கபூல் என்னும் கொடுத்தேன் ஏற்றேன் சொற்கள். ராவுத்தர் ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஹனஃபி மத்ஹபில், பருவமடைந்த பெண்ணின் நிக்காஹ் செல்ல வலீ நிபந்தனை இல்லை. சாட்சிகளும் சொற்களும் அங்கேயும் வேண்டும். மஹர் பெண்ணின் உரிமை. தொகையைச் சொல்ல மறந்தாலும் அவள் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அளவு மஹர் கடமையாகிவிடும். குத்பா ஓதி, சொற்கள் சொல்லி, தஃப்தரில் கையெழுத்துகள் விழுந்து, பேரீச்சம்பழம் கைக்கு வந்துசேர அரை மணி நேரம்கூட ஆகாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது தனி வேலை. இவற்றில் எங்கேயும் சோறு இல்லை. விருந்து வைக்காமல் விட்டாலும் நிக்காஹ் செல்லும். ஆயிரம் பேருக்கு பிரியாணி போட்டாலும், சாட்சி இல்லாத நிக்காஹ் செல்லாது.

வலீமா இதற்கு அடுத்து வருவது. மணமகன்மேல் உள்ள வலியுறுத்தப்பட்ட சுன்னத். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவில் ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணந்துகொண்டு வந்தார். மஹராக என்ன கொடுத்தீர் என்று நபி (ஸல்) கேட்டார்கள். ஒரு பேரீச்சங்கொட்டை எடை தங்கம் என்றார். "ஓர் ஆட்டைக் கொண்டாவது வலீமா கொடுப்பீராக" என்றார்கள். யாரிடம் சொன்னார்கள் என்று கவனியுங்கள். மாப்பிள்ளையிடம். பெண் வீட்டாருக்கு அந்தப் பேச்சில் ஒரு வேலையும் இல்லை. மஹர் கொடுப்பவரும் அவர், ஆடு அறுப்பவரும் அவர். இரண்டும் ஒரே பையிலிருந்து போகின்றன.

ஆட்டைக் கேட்டதும் அதுதான் குறைந்தபட்ச அளவு என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நபியவர்கள் தம் மனைவியரில் ஒருவருக்கு இரண்டு முத்து வாற்கோதுமையில் வலீமா கொடுத்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஆக இரண்டு அள்ளு. ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பை விரித்து, யாரிடம் என்ன இருக்கிறதோ கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், ஒருவர் நெய். பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பிசைந்து ஹைஸ் ஆனது. அதுதான் வலீமா. ஸைனப் (ரலி) அவர்களுக்கு மட்டும் ஓர் ஆடு அறுத்து, ரொட்டியும் இறைச்சியுமாக மறுநாள் மக்களை அழைத்தார்கள். மனைவியரில் வேறு யாருக்கும் அந்த அளவு கொடுக்கவில்லை என்கிறார் அனஸ் (ரலி). பெரிய வலீமா என்று பெயர் வாங்கியதே ஓர் ஆட்டில்தான்!

ஸஃபிய்யா அவர்களின் வலீமாவிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிகிறது. தோழர்கள் பொருள் கொண்டுவந்து உதவினார்கள். எனவே மாப்பிள்ளையின் அண்ணன் அரிசி வாங்கித் தந்தால், கூட்டாளிகள் கறிக்குப் பணம் போட்டால் பிழை இல்லை. பெண்ணின் தகப்பனாரே மனமுவந்து கொடுத்தாலும் ஹராம் என்று சொல்ல முடியாது. சிக்கல் எங்கே என்றால், நிச்சயம் பேசும் அன்றே "கல்யாணச் சாப்பாடு உங்கள் பொறுப்பு, எங்கள் பக்கம் 400 பேர் வருவார்கள்" என்று கணக்குச் சொல்லும்போதுதான். அது உதவி இல்லை, கைக்கூலி. ரொக்கமாக வாங்காமல் பிரியாணியாக வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடையாளம் சுலபம்: தொகையையும் தலைக்கணக்கையும் முதலில் சொன்னது யார் என்று பாருங்கள்.

எப்போது கொடுப்பது? ஷாஃபிஈயில் நிக்காஹ் முடிந்த நொடியிலிருந்தே வலீமாவின் நேரம் தொடங்கிவிடுகிறது. தம்பதிகள் சேர்ந்த பிறகு கொடுப்பது சிறப்பு. ஹனஃபியில் முதலிரவுக்குப் பிறகு கொடுப்பதே சுன்னத்தான முறை. ஆகவே ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் வைப்பதை மட்டும் காரணமாக்கி ஒரு வலீமாவைத் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. மாப்பிள்ளை பணம் கொடுத்து, நிக்காஹுக்குப் பின் பரிமாறினால் ஷாஃபிஈயில் அது வலீமாதான். பெண் வீட்டார் போட்ட சாப்பாட்டுக்கு அட்டையில் பெயர் மட்டும் மாற்றுவதைத்தான் சொல்கிறேன். அது கல்யாண விருந்து. நல்ல விருந்தாகவும் இருக்கலாம். மாப்பிள்ளையின் சுன்னத் அதனால் நிறைவேறிவிடாது.

அழைப்புக்கு வருவோம். "செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் கெட்டது" என்று அபூஹுரைரா (ரலி) சொல்கிறார். அதே அறிவிப்பின் தொடர்ச்சியில், அழைப்பை ஏற்காதவர் அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் மாறு செய்துவிட்டார் என்றும் வருகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் ஷாஃபிஈ அறிஞர்கள் சட்டம் எடுத்தார்கள். வலீமா அழைப்புக்குப் போவது கடமை. ஆனால் அழைத்தவர் பணக்காரர்களை மட்டும் பொறுக்கி அழைத்திருக்கக் கூடாது. உங்களைக் குறிப்பிட்டு அழைத்திருக்க வேண்டும். "யார் வேண்டுமானாலும் வாங்க" என்ற பொது அறிவிப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. அங்கே மார்க்கம் தடுத்த காரியம் நடக்கக் கூடாது. உங்களுக்கும் நோய், பயணம் போன்ற காரணம் இருக்கக் கூடாது. போவதுதான் கடமை, சாப்பிடுவது கடமை இல்லை. நோன்பாளி போய் துஆ செய்துவிட்டு வரலாம்.

அழைக்கப்படாதவர் வந்தால்? அபூ ஷுஐப் என்ற தோழர் ஐந்து பேருக்குச் சமைக்கச் சொல்லி நபியவர்களை அழைத்தார். வழியில் ஆறாவதாக ஒருவர் சேர்ந்துகொண்டார். வாசலில் நபியவர்கள், இவர் எங்களுடன் வந்துவிட்டார், நீர் விரும்பினால் அனுமதியும், இல்லையென்றால் திரும்பிவிடுவார் என்றார்கள். அவர் அனுமதித்தார். நம் அட்டைகளில் "குடும்பத்துடன்" என்று அச்சடித்துவிட்டு, ஒரு வீட்டிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள் என்று பிறகு முகம் சுளிப்பதில் அர்த்தம் இல்லை. எழுதியதற்கு நாம்தான் பொறுப்பு. இத்தனை பேர் என்று எண்ணி வைத்திருந்தால், அட்டையில் பெயரை எழுதி, நேரில் வாயாலும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 25,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு பையன், கையில் 65,000 சேர்த்து வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மஹர் 25,000ஐ எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால்தான் பின்னால் சங்கடம். சாப்பாட்டுக்கு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, மஹரைப் பிறகு தருகிறேன் என்று தஃப்தரில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கடனாக மஹர் வைப்பது செல்லும்தான். ஆனால் பெண்ணின் கடனை நிறுத்திவைத்து ஊராருக்குச் சோறு போடுவது தலைகீழ்.

மிச்சம் 40,000. அழைப்பு 150 பேர். பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ கறியும் போட்டால் எட்டு முதல் பத்துப் பேர் சாப்பிடலாம். 16 கிலோ சீரகச் சம்பா, 16 கிலோ ஆட்டுக்கறி என்று வைப்போம். கறி கிலோ 900 என்றால் 14,400. அரிசிக்கு 2,500. எண்ணெய், நெய், வெங்காயம், தக்காளி, தயிர், மசாலா, தால்ச்சாவுக்குப் பருப்பு, கத்திரிக்காய், விறகு எல்லாம் சேர்த்து 8,000. பண்டாரிக்கும் உதவியாளுக்கும் 5,000. பள்ளிவாசலை ஒட்டிய ஜமாஅத் கூடத்துக்கு வாடகை, தண்ணீர், துப்புரவு என்று 6,000. மொத்தம் 35,900. நான்காயிரம் கையில் நிற்கிறது. ஊருக்கு ஊர் விலை மாறும். கறி எட்டவில்லை என்றால் கோழி போடலாம், நெய்ச்சோறும் பருப்பும் போடலாம். இரண்டு அள்ளு வாற்கோதுமைக்கு இருந்த இடம் அதற்கும் உண்டு.

அந்த 150ஐ எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேலை செய்யும் கடையின் முதலாளி, அரசியல் பிரமுகர், வெளியூர் மாமா என்று பட்டியல் மேலிருந்து தொடங்கும். 150 நிரம்பியபோது தெருவில் இருக்கும் விதவை, மத்ரஸா பிள்ளைகள், ஜனாஸா குளிப்பாட்டுகிறவர், பள்ளி முஅத்தின் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். பிறகு மீந்த தேக்சாவைச் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். மீந்ததை அனுப்புவது அழைப்பு ஆகாது. ஆகவே பட்டியலின் முதல் 30 இடங்களை அவர்களுக்கு எழுதிவிட்டு, மிச்சம் 120 இடங்களில் மற்றவர்களைப் பொருத்துங்கள். முதலாளிக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும்.

இலங்கை முஸ்லிம்கள் ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டைச் சஹன் என்பார்கள், ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று வைக்கிறார்கள். அந்த முறையில் 150 பேருக்கு 25 சஹன் என்று கணக்கு சுத்தமாக நிற்கும். ஆனால் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிச் சஹனில் இரண்டு மூன்று பேர்தான் உட்காருவார்கள். சோறு மட்டும் ஆறு பேருக்கு வந்து நிற்கும். பரிமாறும் பொறுப்பில் இருப்பவர் இதை முன்கூட்டியே எண்ணி, கடைசிச் சஹன்களை அரைச் சஹனாக வைக்கச் சொல்லிவிட வேண்டும். தொட்டுச் சாப்பிட்ட சஹனை மறுபடி தேக்சாவில் கொட்ட முடியாது.