கல்யாண பிளவுஸ்: எங்கே பிரிக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது

(திரையில்: மேசைமேல் அரக்கு நிற காஞ்சிபுரம் பட்டு பிளவுஸ்)

இந்த பிளவுஸ் முகூர்த்தப் புடவையோடு வந்த துணியில் தைத்தது. முழங்கை வரை கை, பின்கழுத்து 9 இன்ச் இறக்கம், கழுத்தைச் சுற்றியும் கையிலும் ஆரி வேலை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு நான் காட்டப்போவது வெளிப்பக்கம் இல்லை. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம், ஏனென்றால் கல்யாணத்தன்று இது உடம்பில் சரியாக உட்காருமா என்பது அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சாதாரண பிளவுஸை வெட்டித் தைத்த பிறகு எதையாவது மாற்றிக்கொள்ளலாம். ஆரி பிளவுஸ் அப்படி இல்லை. துணியை வெட்டுவதற்கு முன்பே, கழுத்தையும் கையையும் துணிமேல் வரைந்து, சட்டத்தில் கட்டி வேலை செய்துவிடுகிறார்கள். அதாவது கழுத்து இறக்கம், தோள் அகலம், கை நீளம் எல்லாம் வேலைக்குப் போகும் நாளிலேயே முடிவாகிவிடும். திரும்பி வந்த பிறகு "கழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கே" என்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்த மணப்பெண்ணுக்கு நான் முதலில் சாதாரண காட்டன் துணியில் ஒரு மாதிரி பிளவுஸ் தைத்துப் போட்டுப் பார்த்தேன். தோள், கழுத்து, மார்புக்கு வடிவம் கொடுக்க முன்பக்கம் பிடிக்கும் டாட் மடிப்பு வரும் இடம், இந்த மூன்றும் அதில் சரியாக வந்த பிறகுதான் பட்டுத் துணி ஆரி வேலைக்குப் போனது. நூறு ரூபாய் காட்டனை மிச்சம் பிடிக்கப் போய் பட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளவு எடுக்கும்போது, கல்யாணத்தன்று எந்த உள்ளாடை போடப்போகிறார்களோ அதையே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். உள்ளாடை மாறினால் மார்புச் சுற்றளவும் மாறும், டாட் முனையும் மேலேயோ கீழேயோ நகரும். இந்தப் பெண்ணுக்கு மார்பு 36, மார்புக்குக் கீழே 31, மேல்கை 11. கீழ்ச் சுற்றளவை நிற்க வைத்து ஒரு தரம், உட்கார வைத்து ஒரு தரம் எடுத்தேன். மணையில் நெடுநேரம் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் வயிற்றுப் பக்கம் விரியும், நின்று எடுத்த அளவு மட்டும் இருந்தால் கீழ்ப்பட்டி இறுக்கும். மார்புக்கு ஒரு இன்ச் தளர்வு சேர்த்து, தைத்து முடித்த அளவு 37 என்று வைத்துக்கொண்டேன்.

சரி, இப்போது உள்பக்கம்.

(திரையில்: விலாத் தையல், உள்ளே விட்ட துணி, அருகில் இன்ச் டேப்)

விலாப் பக்கம் 37 வரும் கோட்டுக்கு வெளியே ஒன்றரை இன்ச் துணி விட்டிருக்கிறேன். அதில் ஓரத்துக்கு அரை இன்ச் கண்டிப்பாக வேண்டும், இல்லையென்றால் பட்டு இழை இழையாகப் பிரிந்துவிடும். மீதி ஒரு இன்ச் நம் கையில். ஒரு பிளவுஸில் இப்படி நான்கு ஓரங்கள், இரண்டு பக்கமும் முன் துண்டுக்கு ஒன்று, பின் துண்டுக்கு ஒன்று. அப்படியானால் ஒவ்வொரு ஓரத்திலும் கால் இன்ச் பிரித்தாலே மொத்தச் சுற்றளவில் ஒரு இன்ச் கூடிவிடும். கணக்குப்படி நான்கு இன்ச் வரை பிரிக்கலாம், ஆனால் இரண்டுக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் அக்குள் வளைவு பெரிதாகி, டாட்டும் இடம் மாறி, பிளவுஸின் வடிவமே போய்விடும்.

பட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தைத்ததைப் பிரித்தால் ஊசி போன இடம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அது மறையாது. உள்ளே பிடித்துத் தைத்தால் பழைய தையல் உள்ளே போய்விடும், யாருக்கும் தெரியாது. பிரித்து விட்டால் அது வெளியே வந்துவிடும், அதுவும் இடது விலாப் பக்கம் புடவை முழுசாக மறைக்காது, போட்டோவில் பளிச்சென்று தெரியும். அதனால்தான் நான் முதல் தையலை 37இல் போடவே இல்லை. கால் இன்ச் வெளியே தள்ளி, 38 வரும்படி பெரிய தையலாகப் போட்டேன். தளர்வாகத் தைத்துவிட்டுப் பிடிப்பது எப்போதும் சுலபம்.

அது இந்தப் பெண்ணுக்கு நன்றாகவே உதவியது. அளவெடுத்து ஐந்து வாரம் கழித்து போட்டுப் பார்க்க வந்தபோது மார்பு 37 ஆகியிருந்தது, மேல்கையும் அரை இன்ச் கூடியிருந்தது. ஒரு இன்ச் தளர்வு சேர்த்தால் 38, அதாவது ஏற்கெனவே தைத்திருந்த கோடு. எதையும் பிரிக்காமல் அதே கோட்டின்மேல் நெருக்கமாக ஒரு தையல் ஓட்டி முடித்தேன்.

ஆனால் கையைப் பிரிக்க வேண்டியிருந்தது. இங்கேதான் ஆரி வேலைக்காரரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கையின் அடிப்பக்கம் தையல் வரும் இடத்தில் இரண்டு ஓரமும் ஒவ்வொரு இன்ச் வேலை இல்லாமல் வெறும் துணியாக இருக்கட்டும். வேலையைக் கை முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்து தையலுக்குள் விட்டுவிட்டால், அப்புறம் அந்தக் கையைப் பிரிக்கவே முடியாது. இந்த பிளவுஸில் இடம் விட்டிருந்ததால் ஓரத்துக்குக் கால் இன்ச் பிரித்தேன், அரை இன்ச் கிடைத்தது. அந்த வெறும் துணி கையின் உள்பக்கம் உடம்போடு ஒட்டி இருப்பதால் கண்ணில் படாது, ஊசித் தடமும் அங்கேயே மறைந்துவிடும். மேல்கையில் வங்கி நகை போடுகிறவர்கள் அது உட்காரும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். அங்கே ஆரி வேலை இருந்தால் நூல் மாட்டி அறுந்துவிடும்.

இப்போது போட்டுப் பார்ப்பது. கண்ணாடி முன்னால் அசையாமல் நின்று பார்த்தால் எந்த பிளவுஸும் நன்றாகத்தான் இருக்கும். மாலை மாற்றுவதுபோல இரண்டு கையையும் முன்னால் தூக்குங்கள். கீழ்ப்பட்டி சேர்ந்து மேலே ஏறினாலோ, கை இழுத்தாலோ, நிறையப் பேர் உடனே அக்குளை இன்னும் கீழே வெட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அக்குள் கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது பிளவுஸ் இன்னும் அதிகமாக மேலே ஏறும். அக்குளை உடம்பை ஒட்டி உயரமாகவே வைத்துக்கொண்டு, மேல்கையில் துணியைப் பிரித்து விடுங்கள், கை தாராளமாகத் தூக்க வரும். வெட்டிய துணியைத் திரும்பவும் ஒட்ட முடியாது.

அப்புறம் உட்காருங்கள், குனியுங்கள். கொக்கிக்கு நடுவில் வாய் பிளந்தால் மார்பில் இறுக்கம், விலாவில் பிரிக்க வேண்டும். தோள் சரிந்தால், கழுத்து இவ்வளவு இறக்கம் இருக்கும்போது மேலே ஒரு நாடா கட்டுவதுதான் வழி, தோளில் பிடித்துத் தைத்தால் ஆரி வேலை கோணலாகிவிடும்.

இந்தச் சோதனையைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப முன்னால் வைத்தால் உடம்பு மறுபடி மாறலாம், கடைசி இரண்டு நாளில் வைத்தால் டெய்லருக்குக் கைவேலை செய்ய நேரம் இருக்காது. அதுவரை விலாத் தையலை இஸ்திரி போட்டு அழுத்த விடாதீர்கள், மடிப்புத் தடமும் ஊசித் தடம் மாதிரியே பட்டில் நின்றுவிடும்.